நடித்துக் காட்டவும்

முதலில் கை தட்டியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட இது மேல்.

எங்கள் பள்ளியில் மேடைக்கு யார் வந்தாலும் தொகுத்து வழங்குவது நான். பதினொன்றாம் வகுப்பு லீடர், குரல் நன்றாக இருக்கும், எனவே 'ஸ்பீக்கர்' என்று பட்டப்பெயர். மைக்கைப் பிடிப்பது பாதி வேலைதான். கைத்தட்டலைத் தொடங்கி வைப்பது மீதிப் பாதி. மேடைக்குக் கீழே வலது ஓரத்தில் விளையாட்டு ஆசிரியர் நிற்பார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவருக்குப் பெயரே 'விசில்'. அவர் தன் காது மடலைத் தொட்டால் நான் தட்ட வேண்டும். நான் தட்டினால் எண்ணூறு பேரும் தட்டுவார்கள். விருந்தினர் வரும் நாளில் கைத்தட்டல் தானாக வந்த மாதிரி இருக்க வேண்டுமாம். எங்கள் பள்ளியின் ரகசிய ஏற்பாடு இது.

அன்று மேடையில் பேசியது என் பெஞ்ச்மேட் 'டப்பா'.

அவள் எங்கே போனாலும் ஒரு நீல நிற பிளாஸ்டிக் டப்பா கூடவே போகும். அதனால் அந்தப் பெயர். உள்ளே ரத்தச் சர்க்கரை பார்க்கும் மீட்டர், விரலில் குத்தும் சின்ன ஊசி, இன்சுலின் பேனா, ஒரு குப்பி நிறையக் குளுக்கோஸ் மாத்திரை, ஒரு சின்ன பிஸ்கட் பொட்டலம், அப்புறம் அவளுடைய போன். ஒன்பது வயதிலிருந்து அவளுக்கு டைப் ஒன் சர்க்கரை நோய். அவள் உடம்பு இன்சுலினைச் சுரக்காது. வெளியிலிருந்து ஊசி மூலம் போட்டுக்கொள்ள வேண்டும். மேல்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சர்க்கரை அளவை அது போனுக்கு அனுப்பும். போன் அதை அவள் அம்மாவின் போனுக்கு அனுப்பும். அம்மா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். 'மூன்றாவது தடத்திலிருந்து புறப்படும்' என்று ஊருக்கே சொல்லிக்கொண்டு, கண்ணை மட்டும் மகளின் எண்ணில் வைத்திருப்பார்.

டப்பா அந்தப் பேச்சைப் பேச ஒத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு கடிதம்.

போன பருவத்தில் கணக்குத் தேர்வு. பாதியில் அவளுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. அவளுடைய நீல டப்பா தேர்வறைக்கு வெளியே, பைகளோடு பைகளாக. சர்க்கரை இறங்கும்போது அவளுக்கு உதவி கேட்கக்கூடத் தெரியாது. அதுதான் அந்த நோயின் வில்லத்தனம். உதவி கேட்க வேண்டிய மூளைக்குத்தான் முதலில் தீனி நின்றுபோகும். விடைத்தாளைக் கிழித்தாள். கணக்கு ஆசிரியரைப் பார்த்து "உனக்கு என்ன வேணும்?" என்றாள். அவர் அவளை வெளியே நிற்க வைத்தார். வெளியே நின்றது நல்லதாகப் போயிற்று. பைகள் அங்கேதான் இருந்தன. அவள் கை பழக்கத்தில் டப்பாவைத் தேடிப் பிடித்தது. ஆனால் நடத்தைப் பதிவேட்டில் 'ஆசிரியரை அவமதித்தாள்' என்று ஏறிவிட்டது.

பொதுத் தேர்வு வரப்போகிறது. அந்த டப்பாவும் போனும் அவள் மேசைமேல் இருக்கலாம் என்று பள்ளி ஒரு கடிதம் தர வேண்டும். மருத்துவர் சான்று கொடுத்துவிட்டார். தலைமையாசிரியர் கையெழுத்து மட்டும் பாக்கி. மூன்று மாதமாக அது பாக்கி.

"சுகாதார வாரத்துக்கு கல்வி அதிகாரி வர்றாரு," என்றார் தலைமையாசிரியர். "நீ உன் நோயைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசு. நல்லா பேசினா, அன்னிக்கே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். சரியாம்மா?"

வெளியே வந்ததும் டப்பா என்னிடம், "பாத்தியாடி, என் கணையம் செய்யாத வேலைக்கு நான் மேடை ஏறணுமாம்," என்றாள். சிரித்தாள். ஆனாலும் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். அவள் கையெழுத்துக் கோழி கிளறினது மாதிரி இருக்கும் என்பதால் நான் படி எடுத்துக் கொடுத்தேன்.

தலைமையாசிரியரிடமிருந்து அந்தப் படி திரும்பி வந்தபோது சிவப்பு மையில் குளித்திருந்தது.

கணக்குத் தேர்வு நடந்த கதை முழுக்க அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில், 'பள்ளியின் பெயர் கெடும்.' அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தது இது: 'எனக்குச் சர்க்கரை இறங்கியிருக்கும்போது தயவுசெய்து இன்சுலின் போடாதீர்கள். இன்சுலின் அதை இன்னும் இறக்கும். நான் செத்துக்கூடப் போகலாம். முழுங்க முடிந்தால் இனிப்பான பானம் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.' அதன்மேலும் ஒரு கோடு. பக்கத்தில், 'வேண்டாம். சிறு பிள்ளைகள் பயப்படுவார்கள்.' அறிகுறிகளைச் சொல்லும் இடத்தில் மட்டும் கோடு இல்லை. சிவப்பில் ஒரு வரி புதிதாக முளைத்திருந்தது. 'இங்கே நடித்துக் காட்டவும்.'

"பயமுறுத்துற பகுதியை எடுத்துட்டு, வேடிக்கை காட்டுற பகுதியைப் போட்டிருக்காரு," என்றாள் டப்பா.

"வேணாம்னு சொல்லிடுடி."

"கடிதம் யாரு தருவா, நீயா?"

மூன்று நாள் ஒத்திகை. தள்ளாடினாள், நாக்குக் குழறினாள், சொன்னதையே சொன்னாள். ஒவ்வொரு முறையும் முடிவில் என் பக்கம் திரும்பி ஒரு கண்ணடிப்பாள். விசில் காதைத் தொடுவார். நான் தட்டுவேன். எல்லாம் கச்சிதம்.

அந்த நாள் காலை ஏழு மணிக்கு அவள் வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள். மேடைப் பயம். "நாலு ரொட்டியில ரெண்டுதான் எறங்குச்சு. ஒம்பது மணிக்கு பிஸ்கட் தின்னுடுவேன், ஒண்ணும் ஆகாது," என்று வரிசையில் நிற்கும்போது என்னிடம் சொன்னாள். கணக்குச் சரிதான். டப்பா கையில் இருந்தால்.

எட்டே முக்காலுக்கு விசில் வந்தார். "அது என்ன கையில?"

"என் டப்பா சார். மேடையில காட்டணும்."

"ஊசியெல்லாம் மேடையில வேணாம்னு பெரிய சார் சொல்லிட்டாரு. சார்ட் போட்டிருக்கோம்ல. குடு, ஆபீஸ்ல பத்திரமா இருக்கும்."

"சார், அதுல என் போன் இருக்கு, மாத்திரை—"

"போனா? மேடையிலயா? அது வேற சேர்ந்துச்சா?"

டப்பா போயிற்று. அலுவலகம் மைதானத்துக்கு மறுகோடியில். சென்சாரின் குரல் அவ்வளவு தூரம் எட்டாது. அந்த நிமிடத்திலிருந்து அவள் அம்மாவின் போனில் எண் நின்றுவிட்டது. கடைசியாக வந்தது தொண்ணூற்றாறு. பக்கத்தில் கீழ்நோக்கிச் சாய்ந்த ஓர் அம்புக்குறி.

அதிகாரி ஒன்பது மணிக்கு வருவதாகப் பேச்சு. வந்தது பத்தே காலுக்கு. அதுவரை வெயிலில் வரிசை. அதற்கு நடுவே, "இன்னொரு தடவை மேடை ஏறி இறங்கிக் காட்டு" என்று விசில் அவளை நான்கு முறை ஏற்றி இறக்கினார். ஒன்பதரைக்கு அவள் போய்க் கேட்டாள், "சார், டப்பா வேணும் சார், நான் ஏதாவது சாப்பிடணும்."

"ரெண்டு நிமிஷம் பொறும்மா. வண்டி கேட்டுக்கு வந்தாச்சு."

வரவில்லை. அந்த இரண்டு நிமிடம் முக்கால் மணி நேரம் நீண்டது. நான் அவளுக்கு ஏதாவது கொடுத்திருக்கலாம். என் பையில் மிட்டாய் இருந்தது. பை வகுப்பறையில். வரிசையை விட்டு லீடரே ஓடலாமா என்று நினைத்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பத்தே காலுக்கு அதிகாரி உட்கார்ந்தார். அவருக்கும் தலைமையாசிரியருக்கும் முன்னால் இரண்டு கண்ணாடித் தம்ளரில் ஆரஞ்சு ஜூஸ். நான் அறிவித்தேன். டப்பா மைக் முன்னால் வந்தாள்.

ஆரம்பம் அருமை. "எனக்கு டைப் ஒன். இனிப்பு அதிகம் தின்னதால வந்தது இல்லை, ஒட்டிக்கவும் ஒட்டிக்காது, பக்கத்துல உக்காரலாம். என் பெஞ்ச்மேட்டைக் கேளுங்க, அவளுக்கு என்கிட்ட இருந்து ஒட்டினது காப்பியடிக்கிற பழக்கம் மட்டும்தான்." மைதானம் சிரித்தது. விசில் காதைத் தொட்டார். தட்டினேன். இது முதல் கைத்தட்டல்.

"ரத்தத்துல சர்க்கரை எழுபதுக்குக் கீழ போனா அதுக்குப் பேரு இறக்கம். முதல்ல கை நடுங்கும். வேர்க்கும். நெஞ்சு படபடக்கும். பசிக்கும். அப்புறம் கோவம் வரும், காரணமே இருக்காது..." தாளைப் பிடித்திருந்த கை நடுங்கியது. தாள் மைக்கில் உரசி ஒலிபெருக்கியில் சரசரத்தது. நடிக்கும் இடம் வந்துவிட்டது என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

"கோவம் வரும், காரணமே இருக்காது," என்று மறுபடி படித்தாள். நிறுத்தினாள். "கோவம் வரும்," என்றாள். நாக்குப் புரளவில்லை. "கோழம் வழும்" என்றுதான் கேட்டது. முன்வரிசைப் பொடிசுகள் விழுந்து விழுந்து சிரித்தன. அதிகாரி தலைமையாசிரியர் பக்கம் சாய்ந்து, "பிரமாதமா நடிக்குதே பொண்ணு!" என்றார். அது எனக்கே கேட்டது.

விசில் காதைத் தொட்டார். தட்டினேன். இரண்டாவது.

தட்டிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. நெற்றி முடி நனைந்து ஒட்டியிருந்தது. மேடைக்கு மட்டும் பந்தல் உண்டு, மின்விசிறியும் ஓடியது. நடுக்கத்தை நடிக்கலாம். குழறலை நடிக்கலாம். வேர்வையை எப்படி நடிப்பது?

அவள் என் பக்கம் திரும்பிக் கண்ணடிப்பாள் என்று காத்திருந்தேன். திரும்பினாள். என்னைப் பார்த்தாள். கண்ணில் நான் இல்லை.

விசில் காதைத் தொட்டார். என் கை தட்டியது. மூன்றாவது.

எண்ணூறு பேர் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் டப்பா தாளைக் கிழித்தாள், அதிகாரியிடம் நடந்தாள், "நீ எதுக்கு இங்க உக்காந்துருக்கே? எந்திரி!" என்றாள். மைதானமே குலுங்கிச் சிரித்தது. தலைமையாசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் திருத்திக் கொடுத்ததில் இந்த வரி கிடையாது.

"என்ன திமிரு..." என்று விசில் மேடையேறினார். அதற்குள் அவள் முழங்கால் மடிந்தது. மேசை விரிப்பைப் பிடித்துக்கொண்டே சரிந்து உட்கார்ந்தாள்.

நான் ஓடினேன். "நடிப்பு இல்லை சார்! இறங்கிடுச்சு! டப்பா எங்கே?"

அதற்குச் சற்று முன் அலுவலகத்தில் என்ன நடந்தது என்று பிறகு தெரிந்தது. அவள் அம்மா ஏழு முறை அழைத்திருக்கிறார். ஏழாவது முறைதான் எழுத்தர் எடுத்திருக்கிறார்.

"என் பொண்ணோட நம்பர் வரலைங்க, சிக்னல் போயிடுச்சு. யாராவது கொஞ்சம் அவளைப் போய்ப் பாருங்களேன்."

"அம்மா, நீங்க ஏன் பதற்றீங்க? உங்க பொண்ணு மேடையில பட்டையைக் கிளப்புது. கைத்தட்டல் கேக்குதா? இந்தாங்க, கேளுங்க," என்று ரிசீவரை ஜன்னல் பக்கம் நீட்டியிருக்கிறார்.

அம்மா கேட்டது எந்தக் கைத்தட்டல் என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்காத நாள் இல்லை.

மேடையில் டப்பா என் கையைத் தட்டிவிட்டாள். "விழு... விழு..." என்றாள், 'விடு' என்பதுதான் அப்படி வந்தது. கண் திறந்திருந்தது. குரல் வந்தது. அப்படியென்றால் முழுங்க முடியும். அதிகாரியின் முன்னாலிருந்த ஜூஸை எடுத்தேன். "ஏய், அது அதிகாரிக்கு!" என்று யாரோ அதட்டினார்கள். தம்ளரை அவள் உதட்டில் வைத்தேன். தள்ளினாள். பாதி ஜூஸ் அவள் கையிலும் என் சட்டையிலும். "குடிடி, சனியனே, குடி," என்று கெஞ்சினேன். ஒரு வாய் இறங்கியது.

விசிலே ஓடிப்போய் நீல டப்பாவை எடுத்து வந்தார். அதை வாங்கியது மேடையோரம் நின்ற பயாலஜி மிஸ். படபடவென்று திறந்தார். குளுக்கோஸ் மாத்திரைக் குப்பியை ஒதுக்கிவிட்டு, இன்சுலின் பேனாவைக் கையில் எடுத்தார்.

"சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின்தானே உயிரு! எவ்வளவு போடணும், பத்தா?"

"வேணாம் மிஸ்!"

"நகரு! எனக்குப் பாடம் எடுக்கறியா?"

தலைமையாசிரியர், "சீக்கிரம் போடுங்க மிஸ், அதிகாரி பாக்குறாரு," என்றார். மிஸ் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார்.

என் இரண்டு கையும் டப்பாவின் தலையைப் பிடித்திருந்தன. மைக் கம்பம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு கையை எடுத்து அதை இழுத்தேன். அது சரிந்து என் தோளில் விழுந்தது.

"ஊசி போடாதீங்க! சர்க்கரை இறங்கியிருக்கு! ஊசி போட்டா இன்னும் இறங்கும், செத்துடுவா!"

எட்டு ஒலிபெருக்கியிலும் என் குரல். மைதானம் கப்சிப். தெருவில் போனவர்கள்கூட மதில் பக்கம் எட்டிப் பார்த்தார்களாம். பயாலஜி மிஸ் பேனாவைப் பிடித்தபடி சிலையானார். சிறு பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று அடித்த வரி அது. அப்போது பயந்து போனது பெரியவர்கள்தான்.

இரண்டாவது தம்ளரையும் கொடுத்தேன். ஜூஸ் பட்ட விரலில் குத்தினால் மீட்டர் பொய்யாக அதிகம் காட்டும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். விரலைத் தண்ணீர் விட்டுத் துடைத்துக் குத்தினேன். நாற்பத்து மூன்று. பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். அறுபத்தொன்று. நான்கு மாத்திரை. மறுபடி பதினைந்து நிமிடம். எண்பத்தெட்டு. அப்புறம்தான் அவள் என்னைப் பார்த்து, "என் ஸ்பீச் முடிஞ்சுதா?" என்றாள்.

அம்மா வந்து சேர்ந்தபோது கழுத்தில் பேருந்து நிலைய அடையாள அட்டை இன்னும் தொங்கியது. அதிகாரி அடுத்த பள்ளிக்குப் போய்விட்டார். போகும்போது, "இதைப் பத்தி ஒரு அறிக்கை அனுப்புங்க, அந்தப் பேச்சோட நகலும் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலைமையாசிரியர் அறையில் நாங்கள் நான்கு பேர். அவர் ஒரு தாளை அம்மா பக்கம் நகர்த்தினார். 'மாணவி காலை உணவைச் சரியாக உண்ணாததால், தன் கவனக்குறைவால் மயங்கினார்.' கீழே பெற்றோர் கையெழுத்துக்குக் கோடு.

"இதுல ஒரு கையெழுத்து. நல்லவேளை, ஒண்ணும் ஆகலை."

"கடிதம்?" என்றாள் டப்பா. குரல் இன்னும் தேறவில்லை.

"எந்தக் கடிதம்? இன்னிக்கு நடந்ததை எல்லாரும் பாத்தாச்சு. தேர்வறையில இப்படி ஆனா மத்த பிள்ளைங்க கதி என்ன? நீ வீட்டுல இருந்து தனித்தேர்வரா எழுதறது நல்லது. உன் நன்மைக்குத்தான் சொல்றேன்."

அவள் அம்மா கையெழுத்துப் போடவில்லை. மேசைமேல் இருந்த பேனாவைப் பார்த்தபடி, "நான் போன் பண்ணினேன் சார். ஏழு தடவை," என்று மட்டும் சொன்னார்.

டப்பா பேச்சு எழுதிய தாளைத்தான் கிழித்துவிட்டாளே என்று தலைமையாசிரியர் நிம்மதியாக இருந்தார். அவள் கிழித்தது கடைசியாக நான் எடுத்த சுத்தமான படி. சிவப்பு மை குளித்த பழைய படி என் புவியியல் நோட்டுக்குள் இருந்தது. எடுத்து மேசைமேல் விரித்தேன்.

"அதிகாரி நகல் கேட்டாரு சார். இதை அனுப்பிடலாமா?"

அவர் பார்த்தார். தன் கையெழுத்தைத் தானே படித்தார். 'வேண்டாம். சிறு பிள்ளைகள் பயப்படுவார்கள்.' அப்புறம், 'இங்கே நடித்துக் காட்டவும்.'

எழுத்தரைக் கூப்பிட்டார்.

கடிதம் அங்கேயே தட்டச்சாயிற்று. கையெழுத்து, முத்திரை, தேதி. டப்பாவும் போனும் மேசைமேல் இருக்கலாம். நடத்தைப் பதிவேட்டு வரியும் அடிக்கப்பட்டது, அதே சிவப்பு மையில். கவனக்குறைவு என்ற தாளை அவரே கசக்கினார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் புரிந்துகொண்டு கொடுக்கவில்லை, பயந்து கொடுத்தார் என்று எங்களுக்குத் தெரியும். "அந்தத் தாளை இங்கேயே விட்டுட்டுப் போ," என்றார். விட்டுவிட்டு வந்தேன். நானும் பயந்துதான்.

வெளியே தாழ்வாரத்தில் பையன்கள் இரண்டு பேர் "கோழம் வழும், கோழம் வழும்" என்று தள்ளாடிக் காட்டிக்கொண்டு போனார்கள். எங்களைக் கண்டதும் ஓடினார்கள். அம்மா வாசலில் ஆட்டோவை நிறுத்தப் போனார். டப்பா கடிதத்தை நான்காக மடித்து நீல டப்பாவுக்குள் வைத்து மூடினாள்.

"நீதான் என் உயிரைக் காப்பாத்தினியாமே," என்றாள். "தேங்க்ஸ்டி."

"விடுடி."

"எத்தனை தடவை தட்டினே?"

பொய் சொல்லியிருக்கலாம். "மூணு."

"எப்போ தெரிஞ்சுது, நடிப்பு இல்லைன்னு?"

தரையைப் பார்த்தேன். "ரெண்டாவது தட்டும்போது. வேர்வையைப் பாத்தேன்."

ஆட்டோ வந்து நின்றது. ஏறுவதற்கு முன் டப்பாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் பேசினது எதுவும் ஞாபகம் இல்லைடி. அதிகாரியைத் திட்டினேனாமே, அதுகூட இல்லை," என்றாள். "நீ தட்டினது மட்டும் ஞாபகம் இருக்கு. மூணாவது."

மறுநாள் அவள் எங்கள் பெஞ்சை விட்டு முதல் பெஞ்சுக்கு மாறிவிட்டிருந்தாள்.